நோன்பு திறக்கும்போது சொல்லும் சொற்கள்: எதை, எப்போது, எப்படிச் சொல்வது

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. பாங்கு சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மதரஸாவில் மனப்பாடம் செய்த "தஹபள் ளமஉ" என்ற துஆவை வேகமாகச் சொல்லி முடித்தான். "இதற்கு என்ன பொருள் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். "தாகம் போய்விட்டது என்று பொருள்" என்றேன். கையில் இருந்த பழத்தைப் பார்த்தான், தொடாமல் இருந்த தண்ணீரைப் பார்த்தான். "இன்னும் போகவில்லையே உம்மா" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. முப்பது வருடங்களாக நானும் அந்தத் துஆவைத் தண்ணீர் குடிக்கும் முன்பே சொல்லிக்கொண்டிருந்தேன். பொருள் தெரிந்திருந்தும், சொல்லும் நேரத்தோடு அதைப் பொருத்திப் பார்த்ததில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் வரிசை மாறியது. அந்த வரிசையையும், ஒவ்வொரு சொல்லின் பொருளையும், வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து சொல்லும்போது வரும் சிக்கல்களையும் இங்கே எழுதுகிறேன்.

எந்தத் துஆக்கள்?

பெரும்பாலான வீடுகளில் வழக்கில் இருப்பவை இரண்டு. இரண்டுமே இமாம் அபூதாவூத் தொகுத்த ஹதீஸ் நூலில், நோன்பு பற்றிய பகுதியில், அடுத்தடுத்து 2357, 2358 என்ற எண்களில் இருக்கின்றன.

முதலாவது:

"தஹபள் ளமஉ, வப்தல்லதில் உரூகு, வஸபதல் அஜ்ரு, இன்ஷா அல்லாஹ்."

தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலியும் உறுதியாகிவிட்டது.

இதை அறிவிப்பவர் நபித்தோழர் இப்னு உமர் (ரலி). நபி (ஸல்) அவர்கள் நோன்பு திறந்ததும் இப்படிச் சொல்வார்கள் என்பது அவருடைய அறிவிப்பு. இதன் அறிவிப்பாளர் தொடர் ஹஸன், அதாவது ஏற்கத்தக்க தரத்தில் உள்ளது என்று இமாம் தாரகுத்னீ கூறியிருக்கிறார்.

இரண்டாவது:

"அல்லாஹும்ம லக ஸும்து, வஅலா ரிஸ்கிக அஃப்தர்து."

இறைவா, உனக்காகவே நோன்பு நோற்றேன். நீ அளித்த உணவைக் கொண்டே நோன்பு திறந்தேன்.

இதை அறிவிப்பவர் முஆத் பின் ஸுஹ்ரா. இவர் நபித்தோழர் அல்லர், அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர். நபியவர்கள் இவ்வாறு சொன்னதாகத் தமக்குச் செய்தி எட்டியது என்றே அறிவிக்கிறார். நடுவில் யார் சொன்னார் என்பது தெரியாது. இப்படித் தொடர் விடுபட்ட அறிவிப்பை முர்ஸல் என்பார்கள். அதனால் இது முதலாவதைவிடப் பலம் குறைந்தது. ஆனால் இதன் பொருளில் யாரும் குறை கண்டதில்லை. இமாம் நவவீ தம்முடைய 'அல்அத்கார்' நூலில் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டாவது துஆவையே சற்று நீளமாக, "வபிக ஆமன்து, வஅலைக தவக்கல்து" என்ற சொற்களை நடுவில் சேர்த்துப் பலர் கற்றிருக்கிறோம். உன்னை நம்பினேன், உன்னையே சார்ந்தேன் என்பது அதன் பொருள். அபூதாவூதின் அறிவிப்பில் இந்தச் சொற்கள் இல்லை. நல்ல பொருள் உடையவை என்பதால் சொல்பவரைத் தடுக்க வேண்டியதில்லை. நபியவர்கள் சொன்ன வாசகம் இதுதான் என்று குழந்தைக்குக் கற்பிக்காமல் இருந்தால் போதும்.

என் கருத்து இது: புதிதாகக் கற்கும் குழந்தைக்கு முதலாவதைக் கற்றுக்கொடுங்கள். அறுபது வருடங்களாக இரண்டாவதைச் சொல்லிவரும் பெரியவரை நோன்பு திறக்கும் நேரத்தில் திருத்தாதீர்கள். இரண்டையும் சொல்ல விரும்புபவர் சொல்லலாம். இரண்டும் சேர்ந்து பத்து விநாடிக்கு மேல் ஆகாது. இரண்டையும் மறந்துவிட்டாலும் நோன்புக்கு ஒரு குறையும் இல்லை.

சொல்லுக்குச் சொல்

"தஹப" என்றால் போனது. "ளமஉ" என்றால் தாகம். குர்ஆனில் ஒன்பதாம் அத்தியாயத்தின் 120ஆம் வசனத்திலும் இதே சொல், இறைவழியில் ஏற்படும் தாகத்தைக் குறித்து வருகிறது. "இப்தல்லத்" என்றால் நனைந்தன, ஈரம் பாய்ந்தன. "உரூக்" என்பது இர்க் என்ற சொல்லின் பன்மை. உடம்பில் ஓடும் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் சேர்த்துக் குறிக்கும். மரத்தின் வேருக்கும் அரபியில் இதே சொல்தான். வறண்ட வேரில் தண்ணீர் ஏறுவது போன்ற காட்சியை அந்தச் சொல் கொண்டு வருகிறது. முதல் வாய்த் தண்ணீர் தொண்டையைக் கடந்து உள்ளே இறங்குவதை உணர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

"ஸபத" என்றால் நிலைபெற்றது. "அஜ்ர்" என்றால் கூலி. உழைத்தவனுக்குக் கொடுக்கும் கூலிக்கும் இதே சொல்தான். இங்கே ஒரு நயம் இருக்கிறது. தாகம் போனது, நரம்பு நனைந்தது என்ற இரண்டும் முடிந்துபோனவை. பட்ட கஷ்டத்தின் சுவடே இல்லாமல் போய்விட்டது. கூலி மட்டும் நின்றுவிட்டது. போவதையும் நிற்பதையும் எதிரெதிரே வைத்த வாக்கியம் இது.

கடைசியில் வரும் "இன்ஷா அல்லாஹ்" குறித்து என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். "இறைவா, நீ விரும்பினால் என்னை மன்னிப்பாயாக" என்று கேட்கக் கூடாது, உறுதியாகக் கேட்க வேண்டும் என்று புகாரீயில் ஹதீஸ் இருக்கிறதே, இங்கே மட்டும் எப்படிச் சொல்லலாம் என்பது கேள்வி. இந்தத் துஆவில் எதுவும் கேட்கப்படவில்லை என்பதே பதில். நடந்ததை எடுத்துச் சொல்லும் வாக்கியங்கள் இவை. தாகம் தணிந்ததை நாமே அறிவோம், அதில் நிபந்தனை இல்லை. கூலி உறுதியானதா என்பது நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில்தான் "அல்லாஹ் நாடினால்" வருகிறது. அதனால் அதை "வஸபதல் அஜ்ரு" என்பதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு நிறுத்தம் விட்டு, முடிவுரை போலத் தனியாகச் சொன்னால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

இரண்டாவது துஆவில் கவனிக்க வேண்டியது "லக" என்ற சிறிய சொல். உனக்கு என்று பொருள். அரபியில் இயல்பான வரிசை "ஸும்து லக" என்பதுதான். "லக" முன்னே வந்ததும் உனக்கு மட்டுமே, வேறு யாருக்கும் இல்லை என்ற அழுத்தம் வந்துவிடுகிறது. தமிழில் ஏகாரம் செய்யும் வேலையை அரபியில் இடமாற்றம் செய்கிறது. ஆகவே மொழிபெயர்க்கும்போது "உனக்காக" என்று விட்டுவிடாமல் "உனக்காகவே" என்று சொல்ல வேண்டும்.

எப்போது சொல்வது?

இனி என் மகனின் கேள்விக்கு வருகிறேன். தஹப, இப்தல்லத், ஸபத ஆகிய மூன்றும் இறந்தகால வினைகள். இப்னு உமரின் அறிவிப்பிலும் நபியவர்கள் "நோன்பு திறந்தால்" என்றுதான் இருக்கிறது. நரம்பு நனைய வேண்டுமானால் முதலில் தண்ணீர் உள்ளே போக வேண்டும். எனவே இந்தத் துஆவின் இடம் முதல் மிடறுக்குப் பிறகுதான்.

"அஃப்தர்து" என்பதும் இறந்தகாலம்தான். நோன்பு திறந்தேன் என்கிறது. ஆனால் அரபியில் செய்யப்போகும் செயலையும் சில நேரம் இறந்தகாலத்தில் சொல்வதுண்டு. அதனால் இதை வாயில் போடும் முன் சொல்லும் வழக்கத்துக்கு இடம் கொடுத்த அறிஞர்கள் இருக்கிறார்கள். சொல்லின் நேரடிப் பொருளோடு ஒத்துப்போவது பிறகு சொல்வதுதான் என்பதால் நான் பிறகே சொல்கிறேன்.

அப்படியானால் முதலில் சொல்ல வேண்டியது என்ன? "பிஸ்மில்லாஹ்." எந்த உணவுக்கும் முதலில் உள்ள சொல் அது. நபியவர்களின் வீட்டில் வளர்ந்த உமர் பின் அபீ ஸலமா என்ற சிறுவனின் கை உணவுத் தட்டில் அங்கும் இங்கும் அலைந்தபோது, "சிறுவனே, அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலது கையால் சாப்பிடு, உனக்கு அருகில் இருப்பதைச் சாப்பிடு" என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நோன்பு திறக்கும் துஆவைத் தவறாமல் சொல்லிவிட்டு இந்த ஒரு சொல்லை விட்டுவிடும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பசியில் மறந்து, பாதியில் நினைவு வந்தால் "பிஸ்மில்லாஹி அவ்வலஹு வஆகிரஹு" என்று சொல்ல வேண்டும். இதன் தொடக்கத்திலும் முடிவிலும் அல்லாஹ்வின் பெயரால் என்று பொருள்.

இப்போது வரிசை இதுதான்: சூரியன் மறைந்தது உறுதியானதும் பிஸ்மில்லாஹ். பிறகு பேரீச்சம்பழம், அது இல்லையென்றால் சில மிடறு தண்ணீர். நபியவர்கள் தொழும் முன் செங்காயான பழத்தைக் கொண்டும், அது இல்லாதபோது உலர்ந்த பழத்தைக் கொண்டும், அதுவும் இல்லாதபோது சில மிடறு தண்ணீரைக் கொண்டும் நோன்பு திறந்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார். அதன் பிறகு துஆ. நான் பழத்துக்குப் பிறகு தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் "தஹபள் ளமஉ" சொல்கிறேன்.

பாங்கு ஒலிக்கும்போது அதற்குப் பதில் சொல்வதா, துஆ சொல்வதா என்ற தடுமாற்றம் இருக்கும். நோன்பைத் திறப்பதில் விரைவு வேண்டும் என்று தெளிவான ஹதீஸ் இருப்பதால் முதலில் பழத்தை உண்ணுங்கள். பாங்கின் வாக்கியங்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கும். பழத்தை மென்றுகொண்டே அந்த இடைவெளியில் பதிலும் சொல்லலாம்.

தொலைக்காட்சியில் வரும் பாங்கை வைத்து நோன்பு திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாங்கு உங்கள் ஊருக்கு உரியதாக இல்லாமல் இருக்கலாம். தீர்க்கரேகையில் ஒரு பாகை கிழக்கே இருக்கும் ஊரில் சூரியன் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக மறையும். அந்த ஊரின் பாங்குக்கு நீங்கள் "அஃப்தர்து" என்று சொன்னால், உங்கள் வானத்தில் சூரியன் இன்னும் இருக்கும்.

திறப்பதற்கு முந்தைய நிமிடங்கள்

நோன்பாளியின் பிரார்த்தனை மறுக்கப்படாது என்று திர்மிதீயில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதில் "நோன்பு திறக்கும்வரை" என்று ஓர் அறிவிப்பும் "திறக்கும் வேளையில்" என்று மற்றோர் அறிவிப்பும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் மாலையின் கடைசி நிமிடங்கள் கேட்பதற்கு உரியவை. அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது மேலே உள்ள இரண்டு துஆக்களும் அல்ல, ஏனென்றால் அவற்றில் கோரிக்கையே இல்லை. உங்கள் தேவையை உங்கள் மொழியில் கேட்பதற்கான நேரம் அது.

அரபியில் ஒன்று சொல்ல விரும்புபவர்களுக்கு, நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) நோன்பு திறக்கும்போது கேட்டதாக இப்னு மாஜாவில் வரும் வாசகம் இருக்கிறது: "அல்லாஹும்ம இன்னீ அஸ்அலுக பிரஹ்மதிகல்லதீ வஸிஅத் குல்ல ஷையின் அன் தக்ஃபிர லீ." இறைவா, எல்லாப் பொருளையும் சூழ்ந்திருக்கும் உன் அருளை முன்வைத்து, என்னை மன்னிக்குமாறு கேட்கிறேன்.

நாக்கு தவறும் இடங்கள்

தமிழ் எழுத்தைப் பார்த்து ஓதும்போதுதான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன. அரபியின் மூன்று வெவ்வேறு எழுத்துகளுக்கு நாம் "ஸ" ஒன்றையே எழுதுகிறோம். "ஸும்து" என்பதில் இருப்பது ஸாத். நாக்கின் பின்பகுதியை உயர்த்தி, வாய் நிறையச் சொல்ல வேண்டும். அதையே மெல்லிய ஸீனாகச் சொன்னால் பேரம் பேசினேன் என்ற வேறொரு வினையாகிவிடும். "ஸபத" என்பதில் இருப்பது ஸே. நாக்கு நுனியை மேல் பற்களின் விளிம்பில் வைத்துக் காற்றை விட வேண்டும். ஸீனாக மாறினால் ஓய்ந்தது என்று பொருள் தரும். கூலி நிலைத்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் கூலி ஓய்ந்தது என்று சொன்னதாகிவிடும். உச்சரிப்பு வராதவரின் உள்ளத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் கற்றுக்கொள்ள முடிந்தவர்கள் கற்றுக்கொள்வது நல்லது.

"தஹப" என்பதன் முதல் எழுத்து நமக்கு எளிது. "தம்பி" என்னும்போது வரும் த அல்ல. "அது" என்னும்போது நடுவில் மெலிந்து ஒலிக்கிறதே, அந்த த. "அது, அது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு அதே ஒலியில் தொடங்கினால் சரியாக வரும். "உரூக்" என்பதன் முதலில் தொண்டையின் நடுவில் பிறக்கும் ஐன் இருக்கிறது. கடைசியில் வருவது அடிநாக்கில் பிறக்கும் காஃப்.

"ளமஉ" என்பதைப் பலர் "ளமாஉ" என்று நீட்டுவார்கள். நீட்டல் இல்லை. ம குறிலாகவே நின்று, உடனே தொண்டையில் ஒரு சிறு வெட்டு. இது நம்மிடம் மட்டும் உள்ள பிழை அல்ல. 1277இல் மறைந்த இமாம் நவவீ இந்தத் துஆவை எழுதிய கையோடு, இந்தச் சொல்லுக்கு நீட்டல் இல்லை, தெளிவான விஷயமாக இருந்தும் இதைக் குறிப்பிடக் காரணம் நீட்டல் இருப்பதாக எண்ணிக் குழம்பியவர்களை நான் கண்டதுதான் என்று எழுதியிருக்கிறார். அவருடைய காலத்தில் அரபி பேசியவர்களே இங்கே தடுக்கியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டிய பிழை இரண்டாவது துஆவின் ஈற்றில் இருக்கிறது. "ஸும்து" என்றால் நோற்றேன். "ஸும்த" என்றால் நோற்றாய். "அஃப்தர்து" என்றால் திறந்தேன். "அஃப்தர்த" என்றால் திறந்தாய். வேகமாகச் சொல்லும் குழந்தைகள் கடைசி உகரத்தை விழுங்கி அகரமாக்கிவிடுவார்கள். அப்போது இறைவனைப் பார்த்து நீ நோன்பு நோற்றாய் என்று சொன்னதாகிவிடும். நிறுத்தும் இடத்தில் "அஃப்தர்த்" என்று உயிர் இல்லாமல் முடிப்பது அரபி முறைப்படி சரி. அகரம் மட்டும் வந்துவிடக் கூடாது.

வீட்டில் யார் சொல்வது, யார் கேட்பது?

ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் "ஆமீன்" சொல்லும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஆமீன் என்பதன் பொருள், இறைவா ஏற்றுக்கொள்வாயாக என்பது. ஆனால் "தாகம் தணிந்தது" என்பதில் ஏற்றுக்கொள்ள வேண்டிய கோரிக்கை எதுவும் இல்லை. "உனக்காகவே நோன்பு நோற்றேன்" என்று வாப்பா சொல்லும்போது, அவர் தம் நோன்பைப் பற்றி மட்டுமே பேசுகிறார். மற்றவர்களின் ஆமீன் அவர்களுடைய நோன்பைச் சேர்க்காது. ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்வதே பொருளுக்குப் பொருத்தம். தெரிந்த ஒருவர் துண்டு துண்டாகச் சொல்ல, மற்றவர்கள் பின்தொடரலாம். வானொலியிலோ கைப்பேசியிலோ துஆ ஒலிக்க, எல்லோரும் பேசாமல் கேட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்குவது சொன்னதாக ஆகாது.

எல்லோருக்குமாக ஒருவரே கேட்க வேண்டும் என்றால், பன்மையில் கேட்கும் துஆவைத் தேர்ந்தெடுங்கள். கஅபாவின் அடித்தளத்தை உயர்த்தியபோது இப்ராஹீமும் இஸ்மாயீலும் கேட்டதாகக் குர்ஆனில் வருவது இதற்கு மிகப் பொருத்தம்: "ரப்பனா தகப்பல் மின்னா, இன்னக அன்தஸ் ஸமீஉல் அலீம்." எங்கள் இறைவா, எங்களிடமிருந்து ஏற்றுக்கொள்வாயாக, நீயே கேட்பவன், அறிபவன். தந்தையும் மகனும் சேர்ந்து கேட்டது இது. இதற்கு வீடு முழுவதும் ஆமீன் சொல்லலாம்.

பெண்கள் சொல்லை மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டியதில்லை. தமிழில் "நோற்றேன்" என்பதில் ஆண் பெண் வேறுபாடு இல்லாததைப் போலவே, அரபியிலும் "ஸும்து" இருவருக்கும் ஒன்றுதான்.

நோன்பு நோற்காதவர்களும் அதே விரிப்பில் உட்கார்ந்திருப்பார்கள். நோயாளி, மாதவிடாயில் இருக்கும் பெண், பாதி நாள் இருந்துவிட்டுத் தண்ணீர் குடித்த குழந்தை. இவர்கள் "உனக்காகவே நோன்பு நோற்றேன்" என்று சொன்னால் அது நடக்காத ஒன்றைச் சொல்வது. ஆனால் பிஸ்மில்லாஹ்வும், சொந்தத் தேவையைக் கேட்பதும், "ரப்பனா தகப்பல் மின்னா"வுக்கு ஆமீன் சொல்வதும் அவர்களுக்கு முழுமையாக உண்டு. மாதவிடாய் துஆவுக்குத் தடை அல்ல. பல வீடுகளில் பருவம் அடைந்த பெண்பிள்ளை, நோன்பு இல்லை என்பது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தத் துஆவையும் சேர்த்துச் சொல்கிறாள். அவளை அந்த நிலைக்குத் தள்ளாமல் இருப்பது பெரியவர்களின் பொறுப்பு.

எங்கள் வீட்டில் ஒரு மாலை

அன்று சூரியன் மறையும் நேரம் 6.34. நாங்கள் ஐந்து பேர்: என் மாமி, கணவர், பதினான்கு வயது மகள், மகன், நான். மாமிக்குச் சர்க்கரை நோய் முற்றியிருந்ததால் மருத்துவர் நோன்பு வேண்டாம் என்றிருந்தார். மகளுக்கு அன்று தொழுகை இல்லை. மகன் பகல் முழுவதும் நோன்பு.

6.20க்கு எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். கைப்பேசிகள் வேறு அறையில். பத்து நிமிடம் யாரும் யாரோடும் பேசவில்லை. அவரவர் தமிழில் கேட்டோம். மாமி தம் மறைந்த கணவருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய உதடுகளில் தெரிந்தது. 6.33க்கு மகன் பழத்தைக் கையில் எடுத்தான், வாய் திறக்கவில்லை.

பாங்கின் முதல் தக்பீர் கேட்டதும் ஐந்து பேரும் பிஸ்மில்லாஹ் சொன்னோம். பழம், பிறகு மூன்று மிடறு தண்ணீர். அதன் பிறகு மகன் என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன். "தஹபள் ளமஉ" என்றான். நானும் அவன் வாப்பாவும் தொடர்ந்து சொன்னோம். "வப்தல்லதில் உரூகு" என்றான், சொன்னோம். "வஸபதல் அஜ்ரு இன்ஷா அல்லாஹ்" என்று ஒரே மூச்சில் முடித்தான். மகள் இதைச் சொல்லவில்லை, யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. உடனே என் கணவர் "ரப்பனா தகப்பல் மின்னா" என்று கேட்டார். ஐவரும் ஆமீன் சொன்னோம். மாமியின் குரல்தான் எல்லோரையும்விட உரத்துக் கேட்டது. பாங்கு அப்போதும் முடியவில்லை.

குழந்தைக்குக் கற்பிக்க

மொத்தமாக மனப்பாடம் செய்ய வைத்தால் பாட்டுபோல ஓடிவிடும், பொருள் ஒட்டாது. நான் மூன்று துண்டுகளாகப் பிரித்தேன். முதல் நான்கு நாள் "தஹபள் ளமஉ" மட்டும், தண்ணீர் குடித்தவுடன், தமிழோடு சேர்த்து: தாகம் போனது. அடுத்த நான்கு நாள் "வப்தல்லதில் உரூகு." இங்கே "இப்தல்லத்" என்பதன் முதல் இகரம் "வ"வோடு சேரும்போது மறைந்து "வப்தல்லத்" ஆகிவிடுகிறது என்பதைக் காதால் கேட்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் "வஇப்தல்லத்" என்று பிரித்துச் சொல்வார்கள். கடைசித் துண்டுக்குக் கூடுதலாகச் சில நாள்கள் கொடுத்தேன். நோன்பு மாதம் முடிவதற்குள் தவறில்லாமல் வந்துவிட்டது.

ஸஹரில் சொல்லிக்கொடுக்கும் நிய்யத்தையும் நோன்பு திறக்கும் இரண்டாவது துஆவையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இரண்டிலும் நோன்பைக் குறிக்கும் சொல் வருவதால், "நவைத்து" என்று தொடங்கி "அஃப்தர்து" என்று முடிக்கும் குழந்தைகளைக் கண்டிருக்கிறேன்.

பிறர் வீட்டில் திறக்கும்போது

இன்னொருவர் வீட்டில் நோன்பு திறந்தால் மேலே சொன்னவற்றோடு ஒன்று கூடுகிறது. நபியவர்கள் ஸஅத் பின் உபாதா (ரலி) வீட்டுக்குப் போனபோது, அவர் ரொட்டியும் ஸைத்தூன் எண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். உண்டபின் அவர்கள் சொன்னது:

"அஃப்தர இன்தகுமுஸ் ஸாயிமூன், வஅகல தஆமகுமுல் அப்ரார், வஸல்லத் அலைகுமுல் மலாயிகா."

நோன்பாளிகள் உங்களிடத்தில் நோன்பு திறப்பார்களாக. நல்லோர் உங்கள் உணவை உண்பார்களாக. வானவர்கள் உங்களுக்காக அருள் வேண்டுவார்களாக.

இங்கும் வினைகள் இறந்தகாலத்தில்தான் இருக்கின்றன, ஆனால் இது வாழ்த்து; அரபியில் வாழ்த்துக்கும் இறந்தகாலம் பயன்படும். அதனால் இதற்கு ஆமீன் சொல்லலாம், வீட்டுக்காரர் சொல்லவும் வேண்டும். இதைச் சாப்பிட்டு முடித்தபின், வீட்டுக்காரரின் காதில் விழுமாறு சொல்லுங்கள். அடுப்படியில் இருக்கும் பெண்களுக்கும் கேட்கட்டும். "உங்களிடத்தில்" என்ற பன்மையில் அவர்களும் இருக்கிறார்கள்.